தையல் விடவில்லை, துணிதான் கிழிந்திருந்தது

ஆடி மாதத்தில் பல நாள் எங்கள் வீட்டுக் கொடியில் ஒரே ஒரு பள்ளிச் சட்டைதான் காய்ந்தது. இரண்டு சட்டை தைத்துக் கொடுத்திருந்தேன். ஒன்றைப் போட்டுக்கொண்டால் இன்னொன்று கொடியில் இருக்க வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு நான் வீட்டுக்குள் நுழையும்போது அந்த ஒரு சட்டை ஈரத்தோடு தொங்கும். காலையில் பார்த்தால் அதையே போட்டுக்கொண்டு கிளம்பிக்கொண்டிருப்பான். பார்த்தேன், ஆனால் கணக்குப் போடவில்லை. துணியைத் தானே துவைத்துப் போடுகிறானே, பையன் பெரியவனாகிறான் என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் இப்போது நினைத்தால் வலிக்கிறது.

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு எங்கள் வீட்டு நேரம் புரியும். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து வெளியே வரும்போது ராத்திரி எட்டரை. சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு ஒருநாள் வீடு. என் வீட்டுக்காரர் தூத்துக்குடி துறைமுகத்துக்கு லோடு ஏற்றிக்கொண்டு போகிற லாரியில் டிரைவர். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். பையன் பள்ளி விட்டு வந்ததிலிருந்து நான் வரும்வரை என் அம்மாதான் வீட்டில். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. அவன் சாப்பிட்டானா என்று கேட்பாள், சாப்பிட்டேன் அம்மாயி என்பான். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

பேச்சு குறைந்திருந்தது. அதையும் இப்போதுதான் வரிசையாகச் சொல்ல முடிகிறது. எட்டாவது படிக்கும்போது நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவான். யார் யாரைத் துரத்தினார்கள், எந்த சார் எதற்குச் சிரித்தார், எல்லாம். ஒன்பதாவது ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் அது “ம்” ஆனது. “என்ன கண்ணு, இன்னைக்கு என்ன நடந்துச்சு?” என்றால் “ஒண்ணுமில்ல.” “சாப்பிட்டியா?” “ம்.” அரிசியும் பருப்புஞ் சோறு ஆக்கி நெய் ஊற்றினால் இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறவன், தட்டைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வான். வயசு அப்படி என்று பக்கத்து வீட்டு அக்காவும் சொன்னார், நானும் நம்பினேன். பதினான்கு வயதுப் பையன் பேசாமலிருப்பதற்கு ஊரே ஒரு காரணம் கையில் வைத்திருக்கிறது. அதனால்தான் உள்ளே வேறு காரணம் இருந்தால் யாருக்கும் தெரிவதில்லை.

ஆடிப் பதினெட்டு நோம்பிக்குக் கச்சாயம் சுட வடைச்சட்டியை எடுக்க அட்டாலியில் ஏறினேன். பழைய பாய்க்குப் பின்னால், தலையணை உறை ஒன்று சுருட்டி வைத்திருந்தது. எலி ஏதாவது கூடு கட்டியிருக்குமோ என்று இழுத்தேன். உள்ளே அந்தச் சட்டை இருந்தது. நான்காக மடித்து, பொத்தான் போடும் பக்கம் உள்ளே போகும்படி வைத்திருந்தான். சும்மா சுருட்டி எறியவில்லை, மடித்து வைத்திருந்தான்.

அந்தச் சட்டையின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எட்டாவது வரைக்கும் சத்துணவு சாப்பிடுகிற பிள்ளைகளுக்கு அரசாங்கமே வருஷத்துக்கு நான்கு செட் சீருடை தைத்துக் கொடுத்துவிடும். ஒன்பதாவதிலிருந்து நாம்தான் எடுக்க வேண்டும். ஈரோட்டுப் பக்கம் லோடு போனபோது வீட்டுக்காரர் அங்கே ஜவுளிச் சந்தையில் துணி எடுத்து வந்தார். பாலியெஸ்டர் கலந்த காட்டன், கொஞ்சம் மெல்லிசு. அந்த விலைக்கு அதுதான் கிடைக்கும். கடையில் தைத்தால் கூலி ஆகும் என்று மே மாதத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நானே வீட்டு மெஷினில் மிதித்துத் தைத்தேன். வருஷம் முழுக்கத் தாங்க வேண்டுமே என்று கெட்டி நூல் வாங்கினேன். தையலைப் பொடியாக வைத்தேன், அங்குலத்துக்குப் பதினான்கு வரும். கை ஏற்றிய இடத்தில் இரண்டு வரி ஓட்டினேன். பொத்தானுக்கு அடியில் நூலைச் சுற்றிச் சுற்றி முடி போட்டேன். கம்பெனியில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் பீஸ் தைக்கிறேன், ஒன்றையும் யார் போடுவார்கள் என்று தெரியாது. இது மட்டும் என் பையன் போடப்போவது.

சட்டையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து விரித்தேன். இங்கேதான் என் வேலை எனக்கு உதவியது. டைலர் ஆவதற்கு முன்னால் ஐந்து வருஷம் நான் செக்கிங்கில் இருந்தவள். மேசையில் வந்து விழுகிற பீஸில் ஓட்டை இருந்தால், அது ஓட்டை என்று சொல்வதோடு வேலை முடியாது. ஊசியால் ஆனதா, பிசிர் வெட்டும்போது கத்தரி பட்டதா, துணியிலேயே இருந்ததா, யாரோ இழுத்ததா என்று பார்த்து, எந்த செக்‌ஷனில் நடந்தது என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் செய்யாத ஒருத்தியின் கூலியில் பிடிப்பார்கள். அதனால் அவசரப்படாமல் கிழிசலைப் பார்க்கக் கை பழகியிருக்கிறது.

கத்தரியோ பிளேடோ பட்டிருந்தால் ஓரம் சுத்தமாக இருக்கும், இழைகள் ஒரே நீளத்தில் நிற்கும். இதில் இழைகள் நீளமும் குட்டையுமாக இருந்தன. அறுபட்டது இல்லை, இழுபட்டது. சரி, எதில் இழுபட்டது? ஆணியிலோ முள்ளிலோ மாட்டி இழுபட்டால் தறியில் நெய்த துணி ஒரு தனி விதமாகக் கிழியும். மாட்டிய புள்ளியிலிருந்து பாவு இழை ஒருபக்கம், ஊடை இழை ஒருபக்கம் என்று இரண்டு திசையில் விட்டு, ஏழு போட்டதைப் போல இருக்கும். அது பெரும்பாலும் கீழ் ஓரத்திலோ பாக்கெட்டிலோ முழங்கைப் பக்கமோ வரும். உடம்பைவிட்டுத் தள்ளித் தொங்குகிற இடம்தானே மாட்டும்.

இந்தக் கிழிசல் இருந்தது வலது கையின் பின்பக்கம், அக்குளுக்கு மேலே, கை ஏற்றிய தையலை ஒட்டி. நான்கு விரல் நீளம், நேர்க்கோடாக. முதுகுப் பக்கம் அது. அந்த இடத்தில் எதுவும் தானாகப் போய் மாட்டாது. ஒருவன் கையை முன்னால் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் பின்னாலிருந்து முதுகுத் துணியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தால்தான் பாரம் முழுக்க அங்கே வந்து விழும்.

இரண்டாவது பொத்தானைக் காணவில்லை. பொத்தான் சாதாரணமாக விழுந்தால் நூல் தேய்ந்து விழும். துணியில் நான்கு சின்ன ஊசித்துளை மட்டும் மிஞ்சும். இங்கே பொத்தான் இருந்த இடத்தில் துணியே வட்டமாகப் பெயர்ந்து போயிருந்தது. என் முடி அவிழவில்லை, துணியோடு போய்விட்டது.

அப்புறம்தான் என் வயிறு கலங்கியது. இடது கைப் பக்கம் திருப்பிப் பார்த்தேன். அங்கே கிழியவில்லை. ஆனால் தையலின் இரண்டு பக்கமும் இழைகள் விலகி, ஏணிப்படி போல வெளிச்சம் தெரிந்தது. ஒரே ஒரு இழுப்பில் துணி அப்படி நெகிழ்வது அபூர்வம். அதே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்தால் இழை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து இடைவெளி விடும். வலது பக்கக் கிழிசலிலும் பாதி ஓரம் பஞ்சுபோலச் சுருண்டிருந்தது, பாதி நேராக இருந்தது. கிழிந்த துணி தண்ணீரில் நனைந்து அலசுப்பட்டால்தான் ஓரம் அப்படிப் பஞ்சாகும். ஆக, முதலில் இரண்டு விரல் அளவு கிழிந்திருக்கிறது. அதைத் துவைத்துப் போட்டிருக்கிறான். பிறகு இன்னொரு நாள் மீதி கிழிந்திருக்கிறது. அந்த இரண்டு விரலுக்கும் மேலே வெள்ளை நூலில் கோணல்மாணலாக ஆறேழு தையல். நூலின் முனையில் மூன்று முடி. என் ஊசிப் பெட்டியிலிருந்து எடுத்து, நான் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து, அவனே தைத்திருக்கிறான்.

அந்த மூன்று முடியைப் பார்த்தபடி அட்டாலி ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று ராத்திரி நான் செய்தது தப்பு. அவன் சாப்பிட உட்கார்ந்ததும் சட்டையை முன்னால் போட்டேன். “யாரு இதப் பண்ணுனது? பேரச் சொல்லு.” அவன் சட்டையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தான். “சைக்கிள்ல மாட்டிருச்சு.” “சைக்கிள்ல மாட்டுனா இப்பிடியா கிழியும்? எனக்குத் தெரியாதா? நாளைக்கே ஸ்கூலுக்கு வர்றேன் பாரு.” அதுவரை அசையாமல் இருந்தவன் அப்போதுதான் பதறினான். “வேண்டாம்மா. வராத. நீ வந்தா உன்னையுஞ் சொல்லுவானுக.” அவ்வளவுதான். தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனான்.

என்னையும் என்ன சொல்லுவார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. செக்கிங் மேசையில் டேமேஜ் பீஸைத் தூக்கிக் காட்டி “யார் பண்ணுனது” என்று சூப்பர்வைசர் கத்தும்போது ஒருத்தி கூட வாயைத் திறக்க மாட்டாள். செய்தவளும் பேச மாட்டாள், பார்த்தவளும் பேச மாட்டாள். அதே குரலில் நான் என் பையனிடம் கேட்டிருந்தேன். அதுவும் அவன் செய்த தப்புபோல.

மறுநாள் கம்பெனியில் பக்கத்து மெஷின் அக்காவிடம் சொன்னேன். அவர் மகளுக்கு முன்னொரு சமயம் வேறு ஒரு தொந்தரவு நடந்தது. பிள்ளைகளுக்கான உதவி எண் 1098, பள்ளிக்கூட விஷயத்துக்குக் கல்வித் துறையின் எண் 14417, இரண்டையும் சொல்லி எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார். எழுதி நாட்காட்டியில் ஒட்டினேன். அவர் இன்னொன்றும் கேட்டார். “ஒடம்புல காயம் இருக்கா? பாத்தியா?” நான் பார்க்கவில்லை. பதினான்கு வயதுப் பையன் பொடக்காணியில் கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கிறான், எப்படிப் பார்ப்பது? “எண்ணெ வெச்சு உடு” என்றார். சனிக்கிழமை சாயந்திரம் அரை ஷிப்ட்டை விட்டுவிட்டு வந்து, எண்ணெய் காய்ச்சித் தலைக்கு வைத்தேன். முதுகிலும் தோளிலும் தடவினேன். வலது மேல்கையில் உள்பக்கம் விரல் அளவில் நான்கு பச்சைத் தழும்பு. இரண்டு ஏற்கெனவே மஞ்சளாகியிருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. அவனும் நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்து தோளைச் சுருக்கிக்கொண்டான். அடி வேறு இல்லை, பிடித்த தழும்பு மட்டும்தான் என்று பார்த்துக்கொண்டேன். அதற்கு மேல் ஏதாவது இருந்திருந்தால் அன்றைக்கே அந்த எண்ணைக் கூப்பிட்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு உண்டபிறகு, திண்ணையில் பாய் போட்டு, சட்டையும் ஊசிப் பெட்டியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவனைக் கூப்பிட்டேன்.

“கண்ணு, இது சைக்கிள்ல மாட்டுனது இல்லைன்னு எனக்குத் தெரியும். யாருன்னு நான் கேக்கல. இந்தக் கையப் புடிச்சுக்க, நான் தையலப் பிரிக்கோணும்.”

வந்து உட்கார்ந்தான். ஒரு முனையை அவன் பிடித்தான், நான் பிரித்தேன். கிழிந்த இடத்தை உள்ளிருந்து ஒட்டுப் போட வேண்டுமானால் கையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். என் தையல் அசைய மாட்டேன் என்றது. இரண்டு வரி, பொடித் தையல், கெட்டி நூல். ஒவ்வொரு தையலாக ஊசி முனையால் தூக்கித் தூக்கி அறுத்தேன். ஒரு சாண் பிரிப்பதற்கு அரை மணி நேரம் ஆனது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“ஏம்மா பிரிய மாட்டேங்குது?”

பல நாளைக்குப் பிறகு அவனாகக் கேட்ட முதல் கேள்வி. தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னேன். “நான்தான் தப்பாத் தெச்சுட்டேன் சாமி. துணி மெல்லிசு, நூலு கெட்டி. அளவுக்கு மீறி இழுத்தா மொதல்ல நூலு போகோணும். நூலு போனா மறுக்காத் தெச்சுக்கலாம். இதுல நூலு நின்னுக்கிச்சு, துணி போயிருச்சு. தையல ரொம்பப் பொடியா வெச்சதும் தப்பு. ஊசி அத்தன ஓட்டை போட்டா, அந்தக் கோட்டுலதான் துணி கிழியும், தபால்தலை கிழிக்கிற மாதிரி.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நான் இன்னும் நாலைந்து தையல் அறுத்தேன்.

“அவனுகளும் இழுத்துப் பாத்தானுக” என்றான். “பிரியல.”

ஊசியை நான் கீழே வைக்கவில்லை. வைத்திருந்தால் நிறுத்தியிருப்பான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பிரித்துக்கொண்டே இருந்தேன், அவன் பேசிக்கொண்டே இருந்தான். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை, கை பிடிக்க ஒரு துணி இருக்கிறது, பேச்சு நின்றாலும் ஒன்றும் ஆகாது. அவனுக்கு அது போதுமாக இருந்தது.

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் வகுப்பில் ஒருவனுக்கு, கடையில் வாங்கிய சட்டையின் தோள் தையல் விட்டுப்போயிருக்கிறது. எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். இவன் தன் சட்டையைக் காட்டி, “எங்கம்மா தெச்சா பிரியாது” என்று சொல்லியிருக்கிறான். பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறான், அதை என்னிடம் சொல்லும்போது குரல் இறங்கியது. தையல் விட்ட சட்டைக்காரனும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும், பிரியுமா பிரியாதா பார்க்கலாம் என்று இழுத்திருக்கிறார்கள். முதல் நாள் விளையாட்டு. இவனும் சிரித்திருக்கிறான். மறுநாள் இன்டர்வெல்லில் திரும்ப. அப்புறம் அது தினமும் ஆனது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒருவன் கையைப் பிடிக்க, ஒருவன் முதுகில் இழுக்க, ஒருவன் எண்ணுவானாம், எத்தனை எண்ணுவதற்குள் பிரிகிறது என்று. “பனியன் கம்பெனிக்காரி தையல்” என்று பேரும் வைத்துவிட்டார்கள். என்னையும் சொல்லுவார்கள் என்று அவன் பதறியது அதற்குத்தான்.

முதல் தடவை கிழிந்தபோது அவனே தைத்தான். “நீ பாத்தா, தையல் போயிருச்சுன்னு நெனச்சுக்குவேன்னு...” என்று ஆரம்பித்து நிறுத்தினான். பிறகு மெதுவாக, “தையல் போகலம்மா. துணிதான்” என்றான்.

இரண்டாவது முறை முழுக்கக் கிழிந்ததும் இனிமேல் தைக்க வராது என்று அட்டாலியில் வைத்துவிட்டான். சட்டை இல்லை என்று சொன்னால் நான் கேட்பேன், கேட்டால் வருவேன், வந்தால் ஒரு ஷிப்ட் போகும், அதோடு அங்கே என்னை அந்தப் பேரைச் சொல்லிச் சிரிப்பார்கள். இதையெல்லாம் தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறான். மிஞ்சிய ஒரு சட்டையைக் காப்பாற்ற இன்டர்வெல்லில் வெளியே போவதையே விட்டுவிட்டானாம். வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பானாம். ஒன்றுக்கும் போகாமல். அதனால் மத்தியானம் தண்ணீர் குடிப்பதில்லை.

அதைக் கேட்டதும் என் கை நின்றுவிட்டது. எத்தனையோ நாள் அவன் தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே வீட்டுக்கு வந்திருக்கிறது. நான் அதைக் கீழே ஊற்றிக் கழுவி வைத்திருக்கிறேன்.

அன்று சாயந்திரம் வரை தைத்தோம். வளர்கிற பிள்ளை என்று சட்டையின் கீழ் மடிப்பில் இரண்டு அங்குலம் துணி விட்டிருந்தேன். அதிலிருந்து ஒரு துண்டு வெட்டினேன். மடிப்புக்குள் இருந்த துணி வெளுக்காமல் புதுசாக இருக்கும், வெளியே வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கிழிசலுக்கு உள்பக்கம் கொடுத்தேன். பாவு மேல் பாவு வருகிறமாதிரி வைக்க வேண்டும், குறுக்கே வைத்தால் துவைத்ததும் சுருங்கி இழுக்கும். கிழிந்த ஓரத்துப் பஞ்சை வெட்டாமல் உள்ளே தள்ளி, அதன் மேல் முன்னும் பின்னுமாக நெருக்கி ஓட்டினேன். பொத்தான் பெயர்ந்த ஓட்டைக்கும் அடியில் சின்னத் துண்டு. பொத்தானை அவனே தைத்தான். ஒரு முடி போதும் என்று காட்டிக் கொடுத்தேன். கையை மறுபடி ஏற்றும்போது சாதா நூல் போட்டு, அங்குலத்துக்குப் பத்து வருகிறமாதிரித் தையலைப் பெரிசு பண்ணி ஒரே வரி ஓட்டினேன். இன்னொரு சட்டையையும் எடுத்து வந்து அதிலும் ஒரு வரியைப் பிரித்துவிட்டேன்.

“நான் ஸ்கூலுக்கு வரோணும் கண்ணு” என்று சொன்னேன். “வராம இருக்க முடியாது. ஆனா எப்பிடி வரோணும்னு நீ சொல்லு.” யோசித்தான். வகுப்பு நடக்கும்போது வராதே என்றான். அவனுகளைக் கூப்பிட்டு முன்னால் நிற்க வைக்கச் சொல்லாதே என்றான். நான் ஒப்புக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன்னால் வகுப்பு டீச்சரைப் பார்த்தேன். ஒரு மஞ்சப்பையில் சட்டையைக் கொண்டுபோயிருந்தேன். ஒட்டுப் போட்டது போட்டபடி, உள்பக்கத்தை வெளியே திருப்பி. விஷயத்தைச் சொன்னதும் அவர், “பசங்க வெளையாட்டுலங்க, ஒருத்தன ஒருத்தன் இழுப்பானுங்க” என்றார். கெட்டவர் இல்லை, அறுபது பிள்ளைகளைச் சமாளிக்கிறவர். நான் எதிர்த்துப் பேசவில்லை. சட்டையை மேசையில் விரித்து, இடது கையில் இழை விலகிய இடத்தைச் சன்னலுக்கு நேரே பிடித்துக் காட்டினேன்.

“ஒரு நாள் வெளையாட்டுன்னா இப்பிடி ஆகாதுங்க டீச்சர். இது பல நாள். இங்க கிழிஞ்சது மொதல் தடவை, துவைச்சிருக்கான் பாருங்க, ஓரம் பஞ்சாயிருக்குது. இது ரெண்டாவது. இது அவனாத் தெச்சது. பின்னால இருந்து இழுத்தாத்தான் இங்க கிழியுங்க.” மேல்கைத் தழும்பையும் சொன்னேன். இன்டர்வெல்லில் வெளியே போகாமல் இருப்பதையும், தண்ணீர் குடிக்காததையும் சொன்னேன்.

அவர் விரலை அந்த ஏணிப்படி இழைக்குள் விட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. “இன்டர்வெல்லுல வகுப்புலயே ஒக்காந்துட்டு இருப்பான். நல்ல பையன், அமைதியா இருக்கான்னு நெனச்சேங்க” என்றார். நானும் அப்படித்தானே துணி துவைக்கிறான் என்று நினைத்தேன். அவரிடம் அதைச் சொன்னேன்.

மூன்று விஷயம் கேட்டேன். இன்டர்வெல் நேரத்தில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு சாரோ டீச்சரோ நிற்க வேண்டும். அந்தப் பையன்களிடம் தனித்தனியாகப் பேச வேண்டும், என் மகன் சொன்னான் என்று சொல்லாமல், சட்டையைப் பார்த்துத் தெரிந்தது என்று சொல்ல வேண்டும். பொய்யும் இல்லையே, சட்டைதான் முதலில் சொன்னது. மூன்றாவது, இரண்டு வாரம் கழித்து நான் திரும்ப வருவேன், அப்போது எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல்ல வேண்டும். அடிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். அடி வாங்கினால் அந்தக் கணக்கு திரும்ப என் பையனிடம்தான் வந்து தீரும்.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. முதல் வாரம் தொட்டிக்குப் பின்னால் இழுப்பது நின்றது, ஆனால் அந்தப் பேரைச் சொல்வது நிற்கவில்லை. ஒருநாள் நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். அதை அவனே என்னிடம் காட்டினான், ராத்திரி, நான் செருப்பைக் கழற்றுவதற்குள். நோட்டைக் கொண்டுபோய் டீச்சரிடம் கொடுக்கச் சொன்னேன். கொடுத்தான். ஜூனில் தோள் தையல் விட்டுப்போன அந்தப் பையனின் அம்மாவை வரச்சொல்லி டீச்சர் பேசியிருக்கிறார். அவரும் கம்பெனிக்குப் போகிறவர்தான், கைமடிக்கிற வேலை. அந்தம்மா கேட்டுவிட்டு அழுதாராம். அந்தப் பேர் அவருக்கும் சேர்ந்த பேர் என்று அந்தப் பையனுக்கு அதுவரை தோன்றவே இல்லையோ, தோன்றித்தான் முந்திக்கொண்டானோ. எனக்கு அவன் மேல் இருந்த கோபம் அன்றைக்குக் கொஞ்சம் குறைந்தது, முழுக்கப் போகவில்லை.

இரண்டு வாரம் கழித்துச் சொன்னபடி போனேன். அரை ஷிப்ட் போனது, போகட்டும். தொட்டிப் பக்கம் விளையாட்டு சார் நின்றுகொண்டிருந்தார். டீச்சர் இடத்தை மாற்றி உட்கார வைத்திருந்தார். என் மகன் என்னைப் பார்த்தான், ஒளிந்துகொள்ளவில்லை, கையும் ஆட்டவில்லை. தண்ணீர் பாட்டில் அந்த வாரம் மூன்று நாள் காலியாக வந்தது.

புரட்டாசியில் ஒரு சாயந்திரம் எனக்கு ஒரு ஷிப்ட்டோடு வேலை முடிந்துவிட்டது. வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தேன். கொடியில் ஒரு சட்டை காய்ந்துகொண்டிருந்தது. இன்னொன்றைப் போட்டுக்கொண்டு அவன் வாசலில் நின்றான். முழங்கை வரை புழுதி, கையில் பந்து.

“அம்மா, கிழிஞ்சிருச்சு” என்று சட்டையின் கீழ்ப்பக்கத்தைத் தூக்கிக் காட்டினான். “காட்டுக்குள்ள பந்து போயிருச்சும்மா. கிளுவ வேலி தாண்டறப்ப மாட்டிருச்சு.”

சன்னலோரம் நிற்க வைத்துப் பார்த்தேன். கீழ் ஓரத்திலிருந்து மூன்று விரல் மேலே, ஏழு போட்டதைப் போல ஒரு கிழிசல். மூலையில் முள்ளின் பச்சை கொஞ்சம் ஒட்டியிருந்தது. கை ஏற்றிய இடத்தைத் தொட்டுப் பார்த்தேன், துணி நெகிழவில்லை. முள்ளில்தான் மாட்டியிருக்கிறது.

ஊசிப் பெட்டியை அவனே எடுத்து வந்தான். நூல் கோத்து, முனையில் ஒரே ஒரு முடி போட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அந்த வேலிக்கு அந்தப்பக்கம் யாருடைய காடு, நாய் எப்படித் துரத்தியது, கூட யார் யார் ஓடினார்கள் என்று சொல்ல ஆரம்பித்தான்.